வழிந்து வந்த அழைப்புகள்

ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் எந்த நேரத்துக்கு எத்தனை பேர் போனை எடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது சில காலம் என் வேலை. இரண்டு வகை அழைப்புகள் வரும். பில் பற்றிக் கேட்பவர்கள் மணிக்குச் சராசரி 18, பழுது சொல்பவர்கள் 12. இரண்டும் தனித்தனிப் பாய்சான் ஓட்டங்கள், அதாவது ஒரே சராசரி வேகத்தில், ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வரும் அழைப்புகள். ஒரே எண்ணில் சேர்த்தால் மணிக்கு 30, அதுவும் பாய்சான்தான். அடுத்து மணி அடிப்பது பழுது அழைப்பாக இருக்கும் வாய்ப்பு 12/30, அதாவது 0.4. கடைசியாக வந்தது எந்த வகை என்பது இதை மாற்றாது. இதுவரை சரி.

முதல் குழுவில் நான்கு பேர். ஒரு அழைப்புக்குச் சராசரி 6 நிமிடம். நால்வரும் பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு இரண்டாம் குழுவுக்குப் போகும். பழைய பதிவுகளில் ஐந்தில் ஒன்று அப்படிப் போயிருந்தது. பாய்சான் ஓட்டத்தைப் பிரித்தால் கிடைப்பதும் பாய்சான் என்று படித்தது நினைவிருந்ததால், மணிக்கு 6 அழைப்பு, ஒரு ஆள் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஒரு ஆள் இரண்டே நாளில் என் மேசைக்கு வந்தார். "அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கேன் சார், அப்புறம் நாலு பேர் சேர்ந்து வர்றாங்க."

பத்து மணி நேரப் பதிவை எடுத்து, 10 நிமிடத்துக்கு ஒரு துண்டாக 60 துண்டுகள் போட்டேன். சராசரி துண்டுக்கு 1, நான் சொன்னபடியே. பாய்சானாக இருந்தால் சுமார் 22 துண்டுகள் காலியாக இருக்கணும், நாலோ அதற்கு மேலோ வருவது ஒரே ஒரு துண்டில்தான். என் தாளில் காலி 31, நாலும் ஐந்துமாக வந்தவை 5. எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் விலக்க வர்க்கச் சராசரியும் சராசரியும் பாய்சானில் ஒன்றாக இருக்கும். இங்கே சராசரி 1, விலக்க வர்க்கச் சராசரியோ 1.9.

தப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. பிரித்தாலும் பாய்சான் என்ற விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாகக் காசு சுண்டி அனுப்புவதுபோல் பிரிக்க வேண்டும், முன்பு நடந்ததைப் பார்க்கக் கூடாது. எங்கள் இயந்திரமோ முதல் குழு நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து அனுப்பியது. நெரிசல் வந்தால் சில நிமிடம் நீடிக்கும், அதற்குள் வரும் எல்லாமே இந்தப் பக்கம்தான் வழியும். நெரிசல் தீர்ந்ததும் ஒன்றும் வராது. (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்திருந்தால் தப்பு எதிர்ப்பக்கம் போயிருக்கும், அந்த ஓட்டம் பாய்சானைவிடச் சீரானது.)

மேலாளருக்கு அந்தத் தாளைக் காட்டினேன். "மணிக்கு ஆறுதானே, எதுக்கு இன்னொரு ஆள்?" என்றார். ஆள் கேட்கவில்லை, இரண்டு குழுக்களையும் ஐந்து பேர் கொண்ட ஒரே வரிசையாக்குங்கள் என்றேன். அடுத்த வாரம் அப்படியே மாற்றினார்கள்.