போட்டது 28, மீதி 11

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் அத்தை மோர் மிளகாய் போடுகிறார். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியர் அனுப்புவது என் வேலை. இந்த வேலையில் நான் அதிகம் யோசித்து எழுதுவது விற்பனை அறிவிப்பை அல்ல, சரக்கு தீர்ந்ததைச் சொல்லும் அறிவிப்பைத்தான். அடுத்த முறை யார் வாங்குவார்கள் என்பது பெரும்பாலும் அதில்தான் முடிவாகிறது.

20 கிலோ பச்சை மிளகாய் காய்ந்து வந்தால் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிற்கும். 200 கிராம் பாக்கெட்டாகக் கட்டினால் 28. கீறிய மிளகாய் இரண்டு மூன்று நாள் உப்பு மோரில் ஊறும். அப்புறம் பகலில் வெயில், மாலையில் மறுபடி மோர், மோர் வற்றும் வரை இதே கதை. குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். அதற்கு முன் கட்டினால் பாக்கெட்டுக்குள் பூசணம் வந்துவிடும். அதனால் நான் தேதியை உறுதியாகச் சொல்வதில்லை. வெயிலைச் சேர்த்தே சொல்கிறேன்:

> மோர் மிளகாய் தீர்ந்தது. இந்த முறை போட்டது 28 பாக்கெட், எல்லாம் போய்விட்டது. அடுத்ததற்கான மிளகாய் இன்று மோரில் ஊறுகிறது. வெயில் இப்படியே அடித்தால் அடுத்த வாரக் கடைசியில் தயாராகும். மழை வந்தால் தள்ளிப்போகும், அதையும் சொல்கிறோம். வேண்டும் என்றால் பெயரும் எத்தனை பாக்கெட் என்பதும் மட்டும் எழுதுங்கள். பணம் இப்போது வேண்டாம்.

பணம் வேண்டாம் என்பதைக் கட்டாயம் எழுதுகிறேன். முன்பணம் வாங்கிவிட்டால் காயாத மிளகாயைக் கட்டச் சொல்லி நம்மை நாமே நெருக்குவோம். இந்தச் செய்தி போனதும் பழைய ஸ்டேட்டஸை அழித்துவிட வேண்டும். அது 24 மணி நேரம் ஓடும். தீர்ந்த பிறகும் 'இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

சரக்கு தயாரானதும் முதலில் சொல்லிவைத்தவர்களுக்குத் தனித்தனியாக எழுதுகிறேன்:

> வணக்கம் அக்கா. நீங்கள் சொல்லிவைத்த 2 பாக்கெட் மோர் மிளகாய் தயார். நாளை மாலை 6 மணி வரை உங்கள் பெயரில் எடுத்து வைத்திருப்போம். இப்போது தேவையில்லை என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை போதும், வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

'வேண்டாம்' என்பதற்கும் வழி விட்டால் மக்கள் சங்கடப்படாமல் பதில் சொல்கிறார்கள். அந்த வழி இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடுவார்கள், பாக்கெட்டும் முடங்கிக் கிடக்கும். ஒரு முறை பட்டியலில் 31 பாக்கெட் கேட்டிருந்தார்கள். எடுத்தது 17. இது ஏமாற்றமில்லை, எப்போதும் இப்படித்தான். பட்டியலை நம்பி மிளகாயைக் கூடுதலாக வாங்குவதுதான் தவறு. அடுத்த தடவைக்கு எவ்வளவு போடலாம் என்பதை, எடுத்த கணக்கை வைத்தே அத்தையிடம் சொல்கிறேன்.

மிச்சத்தைப் பொதுவில் சொல்லும்போதும் அதே கணக்குதான்: "போட்டது 28, சொல்லிவைத்தவர்கள் எடுத்தது 17, மீதி 11." '31 பேர் காத்திருந்தார்கள்' என்று எழுதினால் பரபரப்பாக இருக்கும். ஆனால் 31 என்பது பாக்கெட், பேர் இல்லை. அவ்வளவும் விற்கவும் இல்லை. அத்தை அன்று, "அஞ்சுதான் இருக்குன்னு போடேன், மத்தியானத்துக்குள்ள போயிடும்" என்றார். "பதினொண்ணு இருக்கே அத்தை. அஞ்சுன்னு போட்டு ஆறாவது ஆளுக்கு எப்படி அனுப்புறது?" என்றேன். எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். சாயங்காலம் ஒருவர் 'தீர்ந்துவிட்டதாமே' என்பார், இன்னொருவர் 'எனக்கு இப்போதுதான் கிடைத்தது' என்பார். சட்டமும் இதைத் தொடுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில், இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி அவசரப்படுத்துவது தடைசெய்யப்பட்ட உத்திகளில் ஒன்று. 11 என்ற எண்ணே போதுமான அளவு சின்னதுதான். அதைக் குறைத்துச் சொல்லத் தேவையே இல்லை.

'எனக்கு மெசேஜே வரவில்லை' என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. ப்ராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புவது, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டர் அனுப்பும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் டெல்டாவில் எதையும் வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது. மார்கழிப் பனியும் ஆகாது. அப்போது காத்திருப்போர் பட்டியலையே மூடிவிடுகிறேன். "இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். இனி தை பிறந்த பிறகு. இப்போது பெயர் எடுக்கவில்லை, மிளகாய் மோரில் விழும் அன்று நாங்களே கேட்போம்" என்று எழுதி, பழைய பெயர்களை அழித்துவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் கேட்டவருக்கு இப்போதும் வேண்டுமா என்பது தெரியாது. தை பிறந்ததும் புதிதாகக் கேட்டு வாங்கும் பெயர்களை வைத்தே முதல் கூடைக்கு எத்தனை கிலோ மிளகாய் என்று கணக்குப் போடுகிறோம்.