மொஸ்தார் பாலம் இணைத்தது எதை?

போஸ்னியாவின் மொஸ்தார் நகரப் பழைய பாலம் 1566-இல் ஒட்டோமான்கள் கட்டியது. 1993 நவம்பர் 9 அன்று குரோவாட் படையின் பீரங்கிக் குண்டுகளில் நொறுங்கி நெரெத்வா ஆற்றில் விழுந்தது. 2004 ஜூலையில் மீண்டும் திறந்தார்கள்.

ஆற்றிலிருந்து எடுத்த பழைய கற்கள் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தன. அதனால் அதே வட்டாரத்துத் தெனெலியா கல்லைப் புதிதாக வெட்டி, பழைய முறைப்படியே இரும்புப் பட்டைகளால் பிணைத்து, துளைகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். பழைய கற்களைக் கரையிலேயே விட்டது நேர்மை என்பேன். யுனெஸ்கோவும் 2005-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கட்டடத்தின் பழமைக்காக அல்ல, அது குறிக்கும் நல்லிணக்கத்துக்காகவே சேர்த்தது.

எனக்கு இடிக்கிற இடம் அதுதான். குரோவாட்டுகளுக்கும் போஸ்னியாக்குகள் என்னும் போஸ்னிய முஸ்லிம்களுக்கும் நடந்த போரில் ஊரைப் பிளந்த கோடு ஆறு அல்ல. அதற்கு மேற்கே உள்ள புலெவார் சாலை. பாலத்தின் இரு கரையிலும் பெரும்பாலும் போஸ்னியாக்குகளே. பிரிந்தவர்களை அது எப்படி இணைக்கும்? திறந்த பிறகும் 2008 தேர்தலுக்கு அப்புறம் 2020 வரை அங்கே உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. கட்சிகளுக்கிடையே உடன்பாடு ஏற்படவில்லை.

அதற்காகக் கட்டியது வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் மேலிருந்து ஆற்றில் குதிப்பது அவ்வூர் இளைஞர்களின் நெடுநாள் வழக்கம், இன்றும் குதிக்கிறார்கள். சுற்றுலாவில் பழைய நகரக் கடைகளும் பிழைக்கின்றன. இவ்வளவு பயனைச் சொல்லியே நிதி கேட்டிருக்கலாம். நல்லிணக்கம் என்ற பெரிய சுமையைக் கல்லின் தலையில் ஏற்றியிருக்க வேண்டாம்.