219

ஜனவரி 11, ஞாயிறு
சைக்கிளில் மாமல்லபுரம் போய்த் திரும்பினேன். காலை நாலரைக்குத் திருவான்மியூரில் கிளம்பும்போது ஒரு காற்றும் இல்லை. 158 வாட்டில் மிதித்தேன், நெடுநேரம் நிதானமாக மிதிப்பதற்கான ஜோன் 2 கணக்குப்படி சரியாகத்தான். ஆனால் கோவளம் தாண்டும்போதே, இன்னும் இருட்டு விலகாத நேரத்தில், இதயத் துடிப்பு 145ஐத் தொட்டுவிட்டது. வெயிலைக் குறை சொல்ல வழியில்லை. முதல் பாதியில் சராசரி 158 வாட், துடிப்பு 139. இரண்டாம் பாதியில் 155 வாட், துடிப்பு 153. ஒரு துடிப்புக்கு எத்தனை வாட் என்று வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 11 சதவீதச் சரிவு. 5க்குள் இருக்க வேண்டும். திரும்பும்போது நீலாங்கரையில் கால் சாக்குமூட்டை மாதிரி கனத்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் கதவைத் திறந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜனவரி 12, திங்கள்
அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்
தூக்கம் வராமல் அந்த 219ஐயே நினைத்துக்கொண்டிருந்தேன். நவம்பரில் ராம்ப் டெஸ்டில் வந்த எஃப்டிபி அது, அதாவது ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச வாட். நிமிடத்துக்கு நிமிடம் பளு ஏறும், முடியாதபோது நிறுத்த வேண்டும். கடைசியாகத் தாங்கிய ஒரு நிமிடத்தின் 75 சதவீதம்தான் எஃப்டிபி. எனக்கு அந்த நிமிடம் 292. கல்லூரியில் 400 மீட்டர் ஓடியவன் நான். மூச்சு முட்டிய பிறகும் இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கத் தெரியும். ஒரு மணி நேரம் தாங்கும் சக்தி வேறு, இது வேறு. அந்த இரண்டு நிமிடம்தான் எண்ணை ஏற்றிவிட்டிருக்கிறது. 219இல் 75 சதவீதம் 164. அதை ஜோன் 2இன் உச்சம் என்று நம்பி இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் உடம்பைப் பிழிந்திருக்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். அம்மா உட்கார்ந்துகொண்டே கிளறினார். சைக்கிளைத் தொடவில்லை.

ஜனவரி 17, சனி
இருபது நிமிட டெஸ்ட். ஈசிஆர் சாலையில் சிக்னலில் நிற்காமல் இருபது நிமிடம் கிடைக்காது என்பதால் ஹாலில், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் டிரெய்னர் மேல், இரண்டு ஃபேன் போட்டு. ஏசி அறையிலிருந்து எடுத்த சைக்கிளைப் பத்து நிமிடம் வெளியே விட்டு, பிறகுதான் பவர் மீட்டருக்கு ஜீரோ ஆஃப்செட் செய்தேன். சூடு மாறினால் அளவும் மாறும். டிரெய்னரில் ERG மோடை அணைத்தேன். அது இருந்தால் நான் எவ்வளவு தருகிறேன் என்பதை டிரெய்னரே முடிவுசெய்துவிடும்.

உடம்பைச் சூடேற்றிய பிறகு ஐந்து நிமிடம் முழு மூச்சில். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அந்தத் திடீர்ச் சக்தியை முதலில் கரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இருபது நிமிடத்துக்குள் கலந்து எண்ணை ஏற்றிக் காட்டும். பத்து நிமிடம் மெதுவாக மிதித்துவிட்டுத் தொடங்கினேன். முதல் நான்கு நிமிடம் வேண்டுமென்றே 198இல் பிடித்து வைத்தேன். பன்னிரண்டாவது நிமிடம்தான் மோசம். வியர்வை டாப் டியூபில் விழுந்து துண்டுக்கடியில் ஓடியது, கைப்பிடியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. அம்மா வந்து ஒரு ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

சராசரி 203. அதில் 95 சதவீதம்தான் எஃப்டிபி, 193.

ஜனவரி 18, ஞாயிறு
193. 26 வாட் போய்விட்டது. நாள் முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு
புது ஜோன் 2: 108 முதல் 145 வரை. 135இல் போனேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். முட்டுக்காடு பாலத்து ஏற்றம் சின்னதுதான், ஆனால் பழக்கத்தில் கால் 200க்குப் போய்விடுகிறது. கியரைக் குறைத்து, நடந்து போகிறவரைப் போல ஏறினேன். கஷ்டம் காலுக்கில்லை, மனசுக்குத்தான்.

ஜனவரி 28, புதன்
ரிப்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். போன வாரமும் இதையேதான் சொன்னார்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு
அதே சாலை, அதே நாலரை மணி, அரை மணிக்கொரு முறை தண்ணீர். முதல் பாதி 135 வாட், துடிப்பு 132. இரண்டாம் பாதி 134, துடிப்பு 136. சரிவு 4 சதவீதத்துக்குள். மாமல்லபுரத்தில் டீ குடித்தபோது கை நடுங்கவில்லை.

ஆனால் இதை முன்னேற்றம் என்று எழுத மாட்டேன். இரண்டு வாரத்தில் உடம்பு மாறாது, வேகத்தைக் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அடித்தளம் அமைகிறதா என்று பார்க்க ஒரே வழி, மார்ச் கடைசி வரை இதே 135ஐ இதே சாலையில் மிதித்து, 132 என்பது 128, 126 என்று இறங்குகிறதா என்று பார்ப்பது. அதுவரை 219ஐ நினைக்கக் கூடாது. இன்றும் இரண்டு முறை நினைத்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்
ரிப்போர்ட் வந்துவிட்டது. 11 மணிக்கு டாக்டரிடம் போகிறோம். அம்மா புடவை மாற்றிக்கொண்டிருக்கிறார்.