சங்குக்குக் கொஞ்சம் குறைய

குழந்தை எட்டு கிலோ. வலிப்புக்காக ஃபீனோபார்பிட்டோன் சிரப், காலையில் 4 மி.லி., இரவில் 4 மி.லி. என்று டாக்டர் எழுதியிருந்தார். அதை பாட்டில் மேலேயும் எழுதி, வாயாலும் சொல்லித்தான் கொடுத்தேன். எதில் அளந்து ஊற்றுவீர்கள் என்று கேட்கவில்லை. மருந்தாளுநராக இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை விட்டது இன்னும் உறுத்துகிறது.

பத்து நாள் கழித்துப் பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தூங்கிக்கிட்டே இருக்குது தம்பி. பால் குடிக்கிறப்பவே கண்ணு சொருகுது, உட்கார வச்சா சாயுது." உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன். அன்றிரவு பிள்ளையை வார்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

மருந்து எப்படிக் கொடுத்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். பையிலிருந்து எவர்சில்வர் சங்கை எடுத்தார். "நாலு மில்லின்னீங்க. சங்கு ரொம்பாம, கொஞ்சம் குறைய ஊத்துவேன்." வழக்கமாக ஊற்றுவது போலவே தண்ணீரை ஊற்றச் சொல்லி, அதை சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்தேன். 7 மி.லி.

அந்த சிரப்பில் 5 மி.லி.க்கு 20 மி.கி. மருந்து. ஒரு நாளைக்கு 32 மி.கி. போக வேண்டிய பிள்ளைக்கு 56 மி.கி. போயிருக்கிறது. முதல் நாளே ஏன் தெரியவில்லை என்றால், இந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். பாதி இறங்கவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்தடுத்த வேளை மேலே சேர்ந்துகொண்டே போகும். முதல் இரண்டு நாள் பிள்ளை நன்றாக இருந்ததால், அளவு சரிதான் என்று வீட்டில் நம்பிவிட்டார்கள். மயக்கத்தைப் பார்த்துப் பயந்து தாங்களாகவே மருந்தை நிறுத்தியிருந்தால் வலிப்பு திரும்பியிருக்கும். நேரே வந்ததுதான் நல்லதாயிற்று.

டாக்டர் மறுபடி 4 மி.லி. ஆரம்பிக்கச் சொன்னபோது, 5 மி.லி. சிரிஞ்சு ஒன்றை எடுத்து ஊசியையும் அதன் மூடியையும் நானே கழற்றிப் போட்டேன். அந்த மூடி பிள்ளை தொண்டையில் சிக்கக்கூடியது. சிரப்பைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்ச வேண்டும். காற்றுக்குமிழி இருந்தால் நுனியை மேலே பிடித்துத் தட்டி வெளியே தள்ளிவிட்டு, மறுபடி அளவுக்கு இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரில், நுனிப் பக்கத்து விளிம்பு 4-ஆம் கோட்டில் நிற்க வேண்டும். பலர் பின் விளிம்பைப் பார்த்துவிடுகிறார்கள். அப்போது மருந்து குறைந்துபோகும். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேரே தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும்.

பாட்டிக்கு எண்கள் சரியாகத் தெரியவில்லை. மார்க்கரால் 4-இல் தடிமனாகக் கோடு போட்டுக் கொடுத்தேன். தண்ணீரை வைத்து மூன்று தடவை இழுத்துக் காட்டினார். மூன்றாவது தடவை ரப்பர் கோட்டிலேயே நின்றது. வெந்நீரில் அலசி அலசிக் கோடு மங்கினால், அதை வைத்தே ஓட்டாமல் வேறு சிரிஞ்சு வாங்க வரச் சொன்னேன்.