ரங்கூனில் ஒரு டீக்கடை: எத்தனை கப் விற்றால் கையைக் கடிக்காது?

2019-ல் ரங்கூனில் ஒரு சிறிய டீக்கடை போட்டேன். ஒரு வீட்டின் முன்பக்கம், நான்கு குட்டை மேசைகள், பிளாஸ்டிக் முக்காலிகள், ஒரு கரி அடுப்பு. கடை திறப்பதற்கு முதல் நாள் இரவு நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். நாளுக்கு 36 கப் விற்றால் போதும், அதற்கு மேல் விற்பதெல்லாம் லாபம் என்று அந்தக் கணக்கு சொன்னது. ஐந்து மாதம் நாளுக்கு 65 கப் விற்றேன். அப்படியும் நஷ்டம். எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்த கதையைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 36 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வாடகை மாதம் 1,80,000 சாட். உதவிக்கு வைத்த தம்பிக்குச் சம்பளம் 1,20,000. பெகு பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பையன், இருபது வயது, நல்ல சுறுசுறுப்பு. இரண்டும் சேர்ந்து மூன்று லட்சம், முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 10,000. ஒரு கப் 400 சாட்டுக்கு விற்பது, சரக்கு 120 ஆகும் என்று வைத்தேன். மிச்சம் 280. பத்தாயிரத்தை 280-ஆல் வகுத்தால் 36. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் போட்ட எண்களில் பாதி என் ஆசை.

நஷ்டம் ஐந்து மாதம் தெரியாமல் போனதற்குக் காரணம் ரங்கூன் வாடகை முறை. இங்கே மாதாமாதம் வாங்குவது அபூர்வம். ஆறு மாத வாடகையையோ ஒரு வருட வாடகையையோ முன்னாலேயே எண்ணி வைக்கச் சொல்வார்கள். நான் ஆறு மாதத்துக்கு 10,80,000 கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கொடுத்த பணம் மனதை விட்டே போய்விடுகிறது. தினமும் இரவு சரக்குக்கும் தம்பிக்கும் போக மிச்சத்தைப் பிஸ்கட் டப்பாவில் போடுவேன். டப்பா நிறைந்துகொண்டே வந்தது. வீட்டுச் செலவு மனைவியின் தையலில் ஓடியதால் டப்பாவில் கையே வைக்கவில்லை. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

ஐந்தாவது மாதக் கடைசியில் வீட்டுக்காரர் அடுத்த ஆறு மாதத்தை நினைவுபடுத்தினார். டப்பாவைக் கொட்டி எண்ணினால் 5,20,000 சொச்சம். மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “ஏங்க, அஞ்சு மாச வாடகைன்னா ஒன்பது லட்சம் இருக்கணுமே?” லாபத்தை விடுங்கள், போட்ட வாடகைகூடத் திரும்பி வரவில்லை. நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக எங்கேயோ ஒழுகியிருந்தது.

அடுத்த வாரம் புளியங்கொட்டையில் கணக்கு எடுத்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு காலி பாட்டில். யாருக்காக இருந்தாலும் ஒரு கப் ஊற்றியதும் தம்பி ஒரு கொட்டையை அதில் போட வேண்டும். காலி கண்டன்ஸ்டு மில்க் டின்களைத் தூக்கி எறியாமல் ஒரு மூலையில் அடுக்கச் சொன்னேன். ஆறு நாள் முடிந்து எண்ணினால் 411 கொட்டை, 32 டின். பணம் வந்தது 390 கப்புக்கு.

டின்தான் முதல் குற்றவாளி. 397 கிராம் டின்னில் இருபது கப் போடலாம் என்பது என் கணக்கு. கரண்டியைத் தட்டி மட்டமாக எடுத்தால் அது சரிதான். ஆனால் 411 கப்புக்கு 32 டின் என்றால் டின்னுக்கு 13 கப்கூட முழுசாக வரவில்லை. நின்று பார்த்தேன். இங்கே டீயில் இனிப்பையும் கடுப்பையும் ஆளுக்கு ஆள் விதவிதமாகக் கேட்பார்கள். ‘சோ செய்ன்’ என்றால் இனிப்பும் பாலும் தூக்கலாக. ‘பொ ச்சா’ என்றால் இனிப்பு குறைத்து, சாயம் கடுப்பாக. என் கடைக்கு வரும் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிகளும் சுமை தூக்குபவர்களும் முக்கால்வாசி சோ செய்ன் ஆட்கள். தம்பி கரண்டியைக் குமித்து எடுப்பான், பாதி கப்பில் விழும், கரண்டியில் ஒட்டியிருப்பதை இன்னொரு முறை முக்கி எடுப்பான். “தெரிஞ்சவங்கதானே அண்ணே” என்றான். அவன் மேல் தப்பில்லை. நான் ஒரு அளவு கொடுத்திருந்தால்தானே அவன் மீற முடியும்.

டின் 1,100 சாட்டுக்கு வாங்கினேன், 13 கப் என்றால் கப்புக்கு 85. எவாபரேட்டட் பால் டின் 900, அது 15 கப்புக்கு வந்தது, ஆகவே 60. தேயிலை மட்டும் நான் நினைத்தபடியே இருந்தது. தெயின்ஜி சந்தையில் ஒரு விசை 8,000. (விசை நம்ம ஊர்ச் சொல்தான், இங்கே வந்து இன்னும் உயிரோடு இருக்கிறது, 1.6 கிலோ சொச்சம்.) கப்புக்கு நாலு கிராம் போட்டால் விசைக்கு 400 கப், அதாவது கப்புக்கு 20. ஆக மொத்தம் 165. நான் எழுதியது 120.

அடுத்து, பணம் வராத 21 கப். தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று நாளுக்கு இரண்டு, அதிலேயே 12 போய்விட்டது. மற்றது கொட்டியது, ‘இனிப்பு பத்தல’ என்று திரும்பி வந்தது. இருபது கப் ஊற்றினால் பத்தொன்பதுக்குத்தான் காசு. எனவே காசு கொடுக்கும் ஒவ்வொருவர் தலையிலும் சரக்குச் செலவு 165 அல்ல, சுமார் 175. கப்புக்கு எனக்கு நிற்பது 225.

வகுக்க வேண்டிய நாள் செலவிலும் அதே கதை. வாரம் ஒரு நாள் கடை கிடையாது, ஆகவே மாதம் முப்பது நாளல்ல, 26. மூன்று லட்சத்தை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 11,540. தம்பியின் இரண்டு வேளைச் சாப்பாடு 2,000. இங்கே டீக்கடை வேலைக்குச் சாப்பாடும் சேர்த்துத்தான் பேச்சு, அதை நான் சம்பளத்தில் எழுதவே இல்லை. கரி 3,000. கரியைச் சரக்குச் செலவு என்றே நினைத்திருந்தேன், ஆனால் பத்து கப் விற்றாலும் நூறு கப் விற்றாலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே அது வாடகை மாதிரி நிலையான செலவு. மேசைக்கு மேசை இலவசமாக வைக்கும் பச்சை டீ, அதற்கு 20 லிட்டர் குடிதண்ணீர், எல்லாம் சேர்த்து 1,000. ரங்கூனில் அந்தப் பச்சை டீ பிளாஸ்க் இல்லாமல் கடை நடத்த முடியாது. ஒரு கப் வாங்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் அதைக் குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அதற்கு முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

நாளுக்கு மொத்தம் 17,540. இதை 225-ஆல் வகுத்தால் 78 கப். நான் விற்றது 65. குறைந்த 13 கப்பை 225-ஆல் பெருக்கி, 26 நாள், ஐந்து மாதம் என்று போட்டால் 3,80,000. டப்பாவில் குறைந்ததும் அதுதான். கணக்கு இப்படி வந்து பொருந்தியதும், நஷ்டம் என்றாலும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. திருட்டு இல்லை, மர்மம் இல்லை. இதில் என் சம்பளம் ஒரு காசுகூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 78 கப் என்பது நான் காலை நாலரைக்கு எழுந்து சும்மா உழைப்பதற்கான எண்.

விலையை 450 ஆக்கிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆக்கினால் கப்புக்கு 275 நிற்கும், 64 கப் போதும். ஆனால் தெருமுனைக் கடையிலும் அப்போது 400 தான். ஐம்பது ஏற்றி, அறுபத்தைந்தில் நாலு பேர் போய்விட்டால் மறுபடியும் நஷ்டத்தில்தான் நிற்பேன். பத்து நாள் யோசித்துவிட்டு விலையைத் தொடவில்லை.

மூன்று காரியம் செய்தேன். குமித்து எடுக்கும் கரண்டியை எடுத்துவிட்டு, சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை அளவாக வைத்தேன், தட்டி ஊற்ற வேண்டும், இரண்டாம் முக்கல் கிடையாது. டின்னுக்கு 15 கப் வந்தது. இருபதுக்கு இறக்கியிருந்தால் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். பதினைந்தில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் முணுமுணுத்தார், அவருக்குக் கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன். அடுத்து, ஈச்சாக்வே என்ற நீளமான எண்ணெய்ப் பலகாரம் சுடும் ஒரு அம்மாவிடம் 150-க்கு வாங்கி 200-க்கு விற்றேன், விற்காததை அவரே எடுத்துக்கொள்வார் என்று பேச்சு. நாளுக்கு முப்பது போனது, 1,500 கிடைத்தது. மூன்றாவது, பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை அடுப்பை அடக்கிவிட்டேன். அந்த மூன்று மணி நேரத்தில் ஏழெட்டு கப்தான் போகும், அதற்கு முன்னமே பிளாஸ்கில் ஊற்றி வைத்த டீயே போதும். கரி 2,200 ஆனது.

கப்புக்கு நிற்பது 239 ஆகவும், ஈச்சாக்வேயில் கிடைத்ததைக் கழித்தால் நாள் செலவு 15,240 ஆகவும் மாறியது. 64 கப். விற்பனை அதே 65. ஒரு கப் மேலே! சிரிப்பாகத்தான் இருந்தது.

இந்த எண் அப்படியே நிற்காது என்பது டின் விலை ஏறியபோது தெரிந்தது. 1,100 இருந்தது 1,300 ஆனதும் கப்புக்கு 14 சாட் குறைந்து, 64 என்பது 68-க்குப் போய்விட்டது. அன்றிலிருந்து சுவரில் சாக்பீஸால் அன்றைய எண்ணை எழுதி வைக்கிறேன், டின் விலை மாறினால் அழித்து எழுதுவேன். ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் மூடினால் கடை நாள் 18 தான். வாடகைக்கும் சம்பளத்துக்கும் விடுமுறை கிடையாது. டின் பழைய விலையில் இருந்தால்கூட அந்த மாதத்துக்கு நாளுக்கு 86 கப் வேண்டும். அதனால் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மிஞ்சுவதை ஏப்ரலுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன். வாடகைக்கு இன்னொரு டப்பா, அதில் கடை திறக்கும் நாளெல்லாம் 6,920 சாட், முதலில் போடுவது அதுதான்.

பக்கத்தில் ஒரு கட்டட வேலை தொடங்கியதும் விற்பனை 75 வரை போனது. காலை ஏழு மணிக்குத் தம்பிக்குக் கை பத்தவில்லை. “அண்ணே, ஊர்ல மச்சான் சும்மாதான் இருக்கான், வரச் சொல்லட்டா?” என்றான். நோட்டை எடுத்தேன். இன்னொரு ஆளுக்குச் சம்பளம், சாப்பாடு சேர்த்து நாளுக்கு 6,600. பழைய டின் விலையில் பார்த்தாலே அது 28 கப். ஆள் வந்தால் 75 என்பது 92 ஆக வேண்டும், அதுவும் கூட்டம் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள். நாலு மேசையில் அத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது? இப்போதைக்கு காலை ஆறிலிருந்து எட்டு வரை நானே கப் கழுவுகிறேன். மச்சானிடம் மழைக்காலம் கழிந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.