ஒரு டெஸ்டருக்காக எழுதிய ஒரு பக்கம்

எங்கள் குழு மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருளைச் செய்கிறது. அதில் டெஸ்டிங் லீடாக இருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் இறுதியில் டெவலப்பர்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஒன்பதாக உயர்ந்தது. டெஸ்டர்கள் மட்டும் அதே மூன்று பேராகவே இருந்தோம். இன்னொரு டெஸ்டர் வேண்டும் என்று அந்த டிசம்பரிலேயே எங்கள் டைரக்டர் மேடமிடம் கேட்டேன். எல்லோரும் சனிக்கிழமையும் வேலை செய்கிறோம், ரிலீஸ் வாரத்தில் இரவு பத்து மணிக்கு முன் யாரும் கிளம்புவதில்லை என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். அவர் அதை முழுவதும் படித்துவிட்டு, "இதே வரிகளை மற்ற நான்கு லீடுகளும் எனக்கு எழுதியிருக்கிறார்கள், எது உண்மையிலேயே ஆள் பற்றாக்குறை, எது வேலை முறையின் குறை என்று நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்று அன்றே எனக்குத் தோன்றியது. அதற்குப் பதில் சொல்ல ஒரு காலாண்டு முழுவதும் எண்ணிக்கை எடுத்தேன்.

எடுத்த எண்கள் இரண்டே வகை. மென்பொருளில் செய்ய வேண்டிய ஒவ்வொரு மாற்றமும் ஒரு டிக்கெட்; ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் டெஸ்டிங்குக்காகக் காத்திருக்கும் டிக்கெட்டுகள் எத்தனை என்பது முதலாவது. ஒரு டிக்கெட்டை டெவலப்பர் கையில் எடுத்த நாளிலிருந்து ரிலீஸுக்குத் தயாராகும் நாள் வரை எத்தனை வேலை நாள்கள் ஆகின்றன என்கிற சைக்கிள் டைம் இரண்டாவது. இதற்கென்று புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு டிக்கெட்டும் எந்த நாளில் எந்த நிலையில் இருந்தது என்பதை, டிக்கெட்டுகளைப் பதிவு செய்ய நாங்கள் பயன்படுத்தும் ஜிரா மென்பொருள் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கிறது. கடந்துபோன ஒரு வெள்ளிக்கிழமையின் வரிசையைக்கூட இப்படிக் கேட்டு எடுக்கலாம்:

```
project = BILL AND status WAS "Ready for QA" ON "2024/03/15"
```

ஜனவரி 5 முதல் மார்ச் 29 வரை 13 வெள்ளிக்கிழமைகள். டிசம்பர் கடைசியில் வரிசையில் 9 டிக்கெட்டுகள் நின்றன. அதன் பிறகு வாரத்துக்குச் சராசரியாக 24 டிக்கெட்டுகள் வந்து சேர்ந்தன, நாங்கள் 22 முடித்தோம். வாரத்துக்கு இரண்டு என்பது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். எந்த வாரத்திலும் எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஆனால் மார்ச் 29 அன்று வரிசை 35 ஆகியிருந்தது. பொங்கல் வாரத்தில் வந்தவையும் முடிந்தவையும் சேர்ந்தே குறைந்ததால் கணக்கு பெரிதாக மாறவில்லை.

வரிசையின் நீளத்தை நாளாக மாற்றாமல் டைரக்டரிடம் கொண்டுபோனால் பயனில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் 35 என்பது பெரிய எண்ணா சிறிய எண்ணா என்று அதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. ரேஷன் கடையில் நிற்பவர் செய்கிற கணக்குதான் இங்கேயும்: எனக்கு முன்னால் எத்தனை பேர், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருக்குப் போடுகிறார்கள். 35ஐ 22ஆல் வகுத்தால் 1.6 வாரம், அதாவது இன்று வரிசையில் சேரும் டிக்கெட் 8 வேலை நாள்கள் நிற்கும். ஜனவரித் தொடக்கத்தில் இதுவே 2 நாளாக இருந்தது. சராசரி வரிசை, சராசரி வேகம், சராசரிக் காத்திருப்பு ஆகிய மூன்றையும் இணைக்கும் இந்த உறவை ஜான் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார்; அதை லிட்டிலின் விதி என்கிறார்கள். வரிசை ஓரளவு நிலையாக இருக்கும் காலத்துக்குத்தான் அது சரியாகப் பொருந்தும். வளர்ந்துகொண்டே போகும் வரிசையில் அதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும் என்பதையும் டைரக்டருக்காகத் தயாரித்த ஒரு பக்கக் குறிப்பிலேயே எழுதினேன்.

ஜனவரி முதல் வாரத்தில் முடிந்த டிக்கெட்டுகளின் சைக்கிள் டைம் 8 நாள்கள்: டெவலப்மெண்டுக்கு 4, ரிவ்யூவுக்கு 1, காத்திருப்புக்கு 2, டெஸ்டிங்குக்கு 1. மார்ச் கடைசி வாரத்தில் அது 13 ஆகிவிட்டது. டெவலப்மெண்ட் அதே 4, ரிவ்யூ அதே 1, டெஸ்டிங்கும் அதே 1. ஏறிய ஐந்து நாளும் காத்திருப்பில்தான் ஏறியிருந்தது. டெஸ்டர்கள் மெதுவாக வேலை செய்கிறார்களா என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் அதற்கான பதில் இந்த ஒரு வரியில் இருந்தது.

இங்கே ஒரு பிழையைச் செய்ய இருந்தேன். காலாண்டு முழுவதுக்குமான சராசரிக் காத்திருப்பை முடிந்த டிக்கெட்டுகளை மட்டும் வைத்து எடுத்தபோது நாலரை நாள் என்று வந்தது, அதையே முதல் வரைவில் எழுதியும் விட்டேன். முடிந்தவற்றை மட்டும் எண்ணினால் இன்னும் வரிசையில் நிற்பவை கணக்குக்கே வருவதில்லை, நீண்ட நாளாக நிற்பவையும் அவற்றில்தான் இருக்கின்றன. எனவே நின்றுகொண்டிருந்த 35 டிக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எத்தனை நாளாக நிற்கிறது என்று எழுதினேன். மிகப் பழையது 19 நாள்களாக நின்றது: காப்பீட்டுத் தொகையைக் கழித்த பிறகு நோயாளியின் பில்லில் ஒரு ரூபாய் வித்தியாசம் வரும் குறைக்கான திருத்தம். சிறிய வேலைதான். ஆனால் அவசரம் என்று யாரும் குறி வைக்காததால் ஒவ்வொரு ரிலீஸிலும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அப்படித் திறந்து பார்த்தபோது எனக்குச் சாதகமில்லாத ஒன்றும் தெரிந்தது. 35இல் நான்கு டிக்கெட்டுகள் எங்களுக்காகக் காத்திருக்கவே இல்லை. டெவலப்பர் தான் எழுதிய நிரலை இணைத்தவுடன் நிலையை "Ready for QA" என்று மாற்றிவிடுகிறார். ஆனால் அந்த பில்ட், நாங்கள் சோதித்துப் பார்க்கும் இடமான ஸ்டேஜிங்குக்கு வர இரண்டு மூன்று நாள்கள் ஆகின்றன. நிலை மாறிய நேரத்தையும் ஸ்டேஜிங்கில் பில்ட் ஏறிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது உடனே தெரிந்துவிடும். இன்னொரு டெஸ்டர் வந்தாலும் அந்த நான்கும் நகரப் போவதில்லை. அவற்றைக் கழித்து, வரிசை 31 என்று திருத்தி எழுதினேன். கோரிக்கை சற்று மெலிந்து தெரிந்தாலும், டைரக்டரே தோண்டி எடுப்பதைவிட நானே சொல்லிவிடுவது சரி என்று பட்டது.

ஏப்ரல் முதல் வாரத்தில் அவரைச் சந்தித்தேன். ஒரு பக்கம், அதில் ஒரு படம். இதுவரை வந்த டிக்கெட்டுகளின் கூட்டுத்தொகை ஒரு கோடு, முடிந்தவற்றின் கூட்டுத்தொகை இன்னொரு கோடு. எந்த நாளிலும் இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள உயரம் அன்றைய வரிசை. படுக்கை வாட்டில் உள்ள இடைவெளி காத்திருக்கும் நாள்கள். ஜனவரியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கோடுகள் மார்ச்சில் கத்தரிக்கோல் போல விரிந்திருந்தன. மேடம் அந்தப் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

அவருடைய முதல் கேள்வி, வாரத்துக்கு இரண்டுதானே குறைகிறது, அந்த இரண்டைக் கூடுதல் நேரத்தில் முடித்துவிட்டால் போதாதா என்பது. வருவதும் முடிப்பதும் 24க்கு 24 என்று சமமானால் இருக்கிற வரிசை அப்படியே நிற்குமே தவிர, குறையாது என்றேன். அதுகூட ஏட்டுக் கணக்குதான். ரிலீஸுக்கு முந்தைய வியாழக்கிழமை ஒரே நாளில் பத்து டிக்கெட்டுகள் வந்து விழுகின்றன. அடுத்த வாரத் தொடக்கத்தில் இரண்டுதான் வருகின்றன. ஒன்றும் வராத நாளில் சும்மா போன நேரத்தைச் சேர்த்து வைத்து வியாழனன்று செலவழிக்க முடியாது. அதனால் முழுத் திறனுக்கும் வேலை ஏற்றப்பட்ட குழுவில் வரிசை ஏறுவது எளிது, இறங்குவது கடினம். ஒருவர் வாரத்துக்கு 7 டிக்கெட்டுக்குச் சற்று அதிகமாக முடிக்கிறார் என்பதால் நான்கு பேர் 29 வரை முடிக்கலாம். 24 வந்தால் ஆறில் ஒரு பங்கு இடம் மிச்சமிருக்கும், பழைய வரிசை அந்த இடத்தில்தான் கரையும்.

இரண்டாவது கேள்வி கூர்மையானது. "வரும் 24இல் எத்தனை டிக்கெட்டுகள் இரண்டாம் முறையாக வருகின்றன?" நல்லவேளையாக அதை எண்ணியிருந்தேன். வாரத்துக்கு 4 டிக்கெட்டுகள், நாங்கள் குறை கண்டு திருப்பி அனுப்பி, திருத்தப்பட்டு மறுபடி வரிசையில் சேர்பவை. அவற்றைப் பாதியாக்கினால் வருவது 22 ஆகிவிடுமே, ஆளே தேவையில்லையே என்றார். அவர் சொன்ன கணக்கு சரிதான் என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் 22க்கு 22 என்பதும் வரிசை 31லேயே நிற்கும் நிலைதான். காத்திருப்பு ஏழு நாளாகவே நீடிக்கும். தவிர, அந்தக் காத்திருப்பே திரும்பி வரும் டிக்கெட்டுகளின் சுமையைக் கூட்டுகிறது. எழுதி எட்டு நாள் கழித்துக் குறை திரும்பி வரும்போது டெவலப்பர் வேறொரு வேலையின் நடுவில் இருக்கிறார். தான் எழுதியதைத் தானே மறுபடி படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் திருத்த வேண்டியிருக்கிறது. எனவே இரண்டையும் செய்வோம் என்றேன்: குறைகளைக் குறைக்கும் வேலையை டெவலப்மெண்ட் லீடுடன் நானே எடுத்துக்கொள்கிறேன், ஆளும் வேண்டும்.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியில், புதியவர் வந்த முதல் நான்கு வாரங்களில் வரிசை குறையாது என்று எழுதியிருந்தேன். பில்லிங்கில் காப்பீடு, பேக்கேஜ், தள்ளுபடி ஆகியவை ஒன்றோடொன்று பின்னியிருக்கும் விதத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆகும்; கற்றுக்கொடுப்பவருடைய நேரமும் அதில் போகும். மேடம் அந்தப் பத்தியை அடிக்கோடிட்டார். வெளியிலிருந்து ஆள் எடுத்தால் நோட்டீஸ் காலம் மட்டுமே இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும் என்பதால், வேறொரு புராஜெக்டிலிருந்து ஒருவரை ஆறு மாதத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். மாதந்தோறும் இதே படத்தை அனுப்ப வேண்டும், பில்ட் ஸ்டேஜிங்கில் ஏறிய பிறகே நிலையை மாற்ற வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளும் விதித்தார்.

புதிய டெஸ்டர் மே மாத நடுவில் வந்து சேர்ந்தார். அதற்குள் வரிசை 36 ஆகியிருந்தது. ஜூன் நடுவிலும் 36தான். படத்தை அனுப்பியபோது, சொன்னபடியே இருக்கிறது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதன் பிறகு வாரத்துக்கு 27 முடிக்கத் தொடங்கினோம், வந்தவை 23 ஆகக் குறைந்திருந்தன. ஜூலைக் கடைசி வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றவை 12, காத்திருப்பு இரண்டு நாளுக்குச் சற்று மேல். 19 நாள்கள் நின்ற அந்த ஒரு ரூபாய்த் திருத்தம் எப்போதோ ரிலீஸ் ஆகிவிட்டது.

ஆகஸ்டில் மேடமிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அக்டோபரில் இரண்டு டெவலப்பர்கள் சேர இருக்கிறார்கள், அவர்களை எடுப்பதற்கு முன் உங்கள் கோடுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருந்தார். ஒன்பது டெவலப்பர்களிடமிருந்து வாரத்துக்கு 23 வருகின்றன என்றால் இருவர் சேர்ந்தால் இன்னும் ஐந்து, மொத்தம் 28. நாங்கள் முடிப்பது 27. மாற்றி வந்தவரின் ஆறு மாதமும் நவம்பரில் முடிகிறது. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து அன்று மாலையே அனுப்பினேன்.