வந்த பிள்ளைக்கு ஆப்சென்ட்: வகுப்பாசிரியருக்கு எழுதிய குறிப்பு

பெற்றோர் செயலியில் தவறான ஆப்சென்ட் கண்ணில் பட்டால், முதலில் திரையை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பதிவு மாறியபின் பழைய வரி அங்கே இல்லாமல் போகலாம். பிள்ளையின் பெயர், தேதி, பீரியட் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும்.

எங்கள் திரையில் இருந்தவை இவை:

```
03/09  Period 1  Absent - Unexcused
03/09  Period 2  Present
```

செயலியின் தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் வரி "மன்னிக்கப்படாத இல்லாமை" என்று வந்தது. பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில், வராததற்குப் பள்ளி ஏற்கும் காரணம் எதுவும் பதிவாகவில்லை என்பதுதான் பொருள். அதனால் குறிப்பில் மொழிபெயர்ப்பை எழுதாமல், திரையில் உள்ள சொல்லையே எழுத வேண்டும். ஆசிரியர் பார்ப்பது அதைத்தான். 03/09 செப்டம்பர் 3ஆ, மார்ச் 9ஆ என்ற சந்தேகத்தை அதே பட்டியலின் வேறு வரியே தீர்க்கும். 28/08 என்று ஒரு வரி இருந்தால் நாள்தான் முதலில் வருகிறது.

இரண்டாம் வரிதான் முக்கியம். அடுத்த பீரியடில் பிள்ளை இருந்திருக்கிறாள் என்றால், பெயர் கூப்பிட்ட நேரத்தில் வேறு அறையில் இருந்தாளா, தாமதமாக வந்தாளா என்று முதலில் அவளிடமே கேட்க வேண்டும். என் மகள் வாசிப்புக் குழுவுக்குப் போயிருந்ததாகச் சொன்னாள். குறிப்பு இப்படி அமைந்தது:

"வணக்கம். நான் 6ஆம் வகுப்பு பி பிரிவு மாணவியின் அம்மா. செப்டம்பர் 3, Period 1-இல் என் மகளுக்கு Absent - Unexcused என்று பதிவாகியிருக்கிறது. Period 2-இல் Present என்று இருக்கிறது. Period 1-இல் என் மகள் வாசிப்புக் குழுவில் இருந்ததாகச் சொல்கிறாள். அந்தக் குழுவின் வருகைப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்க முடியுமா? பதிவு தவறு என்றால் நீங்களே திருத்துவீர்களா, அலுவலகத்துக்கு எழுத வேண்டுமா? ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்."

குறிப்பின் கீழே பிள்ளையின் முழுப்பெயரையும் எழுதுங்கள். குறிப்பில் "என் மகள்" மறுபடியும் வருவது காரணத்தோடுதான். தமிழில் எழுவாயை விட்டுவிட்டால், ஆசிரியர் படிக்கும் மொழிபெயர்ப்பு ஆளை மாற்றிவிடலாம். வராதது அம்மா என்று கூட ஆகிவிடும். "நீங்கள் தவறாகப் போட்டுவிட்டீர்கள்" என்று எழுத வேண்டாம். அன்று பதிவேட்டை எடுத்தது மாற்று ஆசிரியராகவும் இருக்கலாம்.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். விடுப்புக் காரணம் தெரிவிக்கச் செயலியில் இருக்கும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அது பிள்ளை வரவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாகும். பதிவு Excused என்று மாறலாம். ஆப்சென்ட் கணக்கில் அப்படியே நிற்கும். திருத்திவிட்டோம் என்று பதில் வந்தபின் அந்த வரியைத் திறந்து, Present என்று இருக்கிறதா என்று பாருங்கள். Excused என்று இருந்தால் அதே குறிப்பின் கீழே மறுபடி எழுதிக் கேளுங்கள்.